வர்த்தகப் பட்டதாரியின் கணித இடைவெளி: இலவச இணையப் பாடங்கள் எதை நிரப்பும், எதை நிரப்பாது

க.பொ.த. உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவில் கணக்கீடு, வணிகக் கல்வி, பொருளியல் ஆகிய மூன்றையும் படித்துப் பல்கலைக்கழகத்தில் முகாமைத்துவ இளமாணிப் பட்டம் பெறும் ஒருவர், நுண்கணிதத்தை வணிகக் கணிதம் என்ற ஒரே பாடத்தில், எல்லைச் செலவைக் கணிக்கத் தேவையான அளவுக்கு மட்டுமே சந்தித்திருப்பார். சாதாரண தரக் கணிதத்தில் அட்சரகணிதம், கேத்திரகணிதம், தாயங்களின் அறிமுகம், நிகழ்தகவு ஆகியவை உண்டு. வகையீடும் தொகையீடும் இல்லை. வேலைக்குப் போகும்வரை இது ஒரு குறையாகத் தெரிவதில்லை. நான்கைந்து வருடங்கள் ஒரு வங்கியின் இடர் முகாமைத்துவப் பிரிவிலோ காப்புறுதி நிறுவனத்திலோ தரவுகளோடு பழகியபின் தரவு விஞ்ஞானத்திலோ அளவைசார் பொருளியலிலோ முதுமாணிப் படிப்புக்கு விண்ணப்பிக்க எண்ணும்போதுதான், அனுமதி நிபந்தனைகளில் நுண்கணிதம், லீனியர் அல்ஜிப்ரா எனப்படும் ஏகபரிமாண அட்சரகணிதம், நிகழ்தகவுக் கோட்பாடு ஆகிய மூன்றும் அவரை மறிக்கின்றன.

இந்த மூன்றையும் இணையத்தில் இலவசமாகக் கற்கலாம் என்பது கொழும்பில் இன்று பலருக்கும் தெரிந்த விடயம். ஆனால் கற்றுவிட்டால் விண்ணப்பத்தில் உள்ள இடைவெளியும் தானாக மூடிவிடும் என்று எண்ணுவது தவறு. இடைவெளியில் இரண்டு வகை உண்டு. ஒன்று அறிவில் உள்ளது. மற்றது பெறுபேற்றுப் பத்திரத்தில், அதாவது ட்ரான்ஸ்கிரிப்டில் உள்ளது. இலவசப் பாடம் முதலாவதை முழுமையாக நிரப்ப வல்லது. இரண்டாவதை நிரப்புமா என்பதைப் பாடமோ அதை நடத்தும் தளமோ தீர்மானிப்பதில்லை. விண்ணப்பத்தைப் பெறும் கற்கைநெறியின் விதிகளே தீர்மானிக்கின்றன. எனவே ஒரு பாடத்தைக்கூடத் தொடங்குவதற்கு முன் அந்த விதி எந்த வகையைச் சேர்ந்தது என்று பார்த்துக்கொள்வது நல்லது.

நிபந்தனைகள் எழுதப்படும் விதத்திலேயே இது பெரும்பாலும் தெரிந்துவிடும். “பல்மாறி நுண்கணிதத்திலும் லீனியர் அல்ஜிப்ராவிலும் போதிய தயார்நிலை எதிர்பார்க்கப்படுகிறது” என்ற தொனியில் எழுதியிருந்தால், தயார்நிலையை எப்படி நிரூபிப்பது என்பது ஓரளவு விண்ணப்பதாரரிடம் விடப்பட்டிருக்கிறது. பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் பல தொழில்சார் முதுமாணிக் கற்கைநெறிகள் இப்படித்தான் எழுதுகின்றன. “கணிதத்திலும் புள்ளிவிபரவியலிலும் குறைந்தது இத்தனை கிரெடிட்” என்று எண்ணிக்கையால் வரையறுத்திருந்தால், அங்கே கேட்கப்படுவது ஒரு பல்கலைக்கழகம் மதிப்பிட்டு வழங்கிய கிரெடிட். ஜெர்மனியில் இந்த இரண்டாம் வகையே அதிகம். கல்விக் கட்டணம் பெரும்பாலும் இல்லை என்ற காரணத்தால் நம்மவர்களின் பார்வை அந்நாட்டுப் பக்கம் கூடுதலாகத் திரும்பியிருப்பதால், அதையே உதாரணமாக எடுத்துக்கொண்டு பார்க்கலாம்.

வெள்ளவத்தையில் வசித்து, கோட்டையில் உள்ள ஒரு வங்கியில் வேலை செய்யும் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். உயர்தரத்தைத் தமிழ் மொழிமூலம் வர்த்தகப் பிரிவில் முடித்தவர். நான்கு வருட முகாமைத்துவச் சிறப்புப் பட்டம். மொத்தம் 120 கிரெடிட். அவர் விண்ணப்பிக்க விரும்பும் தரவு விஞ்ஞான முதுமாணிக் கற்கைநெறி, கணிதத்திலும் புள்ளிவிபரவியலிலும் சேர்த்து 30 ஈ.சி.டி.எஸ்., அதாவது ஐரோப்பிய முறைக் கிரெடிட் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். தன் பெறுபேற்றுப் பத்திரத்தைப் பார்த்த அவர் வணிகக் கணிதம் 3, வணிகப் புள்ளிவிபரவியல் 3, செயற்பாட்டு ஆய்வு 3 என்று கூட்டி, கையில் இருப்பது 9, குறைவது 21 என்று முடிவு செய்கிறார். மனம் சோர்ந்து, கண்ணில் பட்ட இணையப் பாடங்களுக்கெல்லாம் பதிவு செய்யத் தொடங்குகிறார்.

முதற்பிழை அந்தக் கூட்டலிலேயே இருக்கிறது. இலங்கைத் தகைமைகள் சட்டகத்தின்படி ஒரு கிரெடிட் என்பது 50 மணித்தியாலக் கற்றல். விரிவுரை, வாசிப்பு, பயிற்சி, பரீட்சைத் தயாரிப்பு எல்லாம் அதற்குள் அடங்கும். ஒரு வருடத்துக்கு 30 கிரெடிட், அதாவது 1500 மணித்தியாலம். ஐரோப்பிய முறையில் ஒரு வருடத்துக்கு 60 ஈ.சி.டி.எஸ்.; ஒவ்வொன்றும் 25 முதல் 30 மணித்தியாலம். ஆகவே இங்குள்ள ஒரு கிரெடிட் அங்கே ஏறத்தாழ இரண்டுக்குச் சமம். நமது 3 கிரெடிட் பாடம் அங்கே 6 ஆகிறது. அவர் கையில் இருப்பது 18, குறைவது 12. பொருளாதார அளவையியல் என்ற பாடத்தையும் அவர் படித்திருந்து, அதன் பாடவிதானத்தில் பன்மடங்குப் பின்னடைவும் கருதுகோள் சோதனையும் இருந்தால், அதையும் புள்ளிவிபரவியலாகக் கருதும்படி கேட்க இடமுண்டு. அப்போது குறைவது 6 ஆகிவிடும்.

இந்த மாற்றீட்டை இறுதியில் செய்பவர் அந்தப் பல்கலைக்கழகத்தின் மதிப்பீட்டாளர். அவர் வேறு எண்ணுக்கு வரவும் கூடும். ஆனால் அடிப்படையை விண்ணப்பதாரர் எடுத்துக்காட்டாவிட்டால் மதிப்பீட்டாளர் பத்திரத்தில் உள்ள 3 என்ற எண்ணையே பார்ப்பார். எடுத்துக்காட்டும் கருவி, பீடத்தின் கையேட்டிலிருந்து பெற்று, முடிந்தால் பதிவாளர் அலுவலகத்தின் முத்திரையுடன் இணைக்கும் பாட விபரம்: வாராந்தத் தலைப்புகள், பாடநூல், கற்றல் மணித்தியாலம், மதிப்பீட்டு முறை. “வணிகக் கணிதம்” என்ற தலைப்பைப் பார்க்கும் வெளிநாட்டுப் பேராசிரியர் அதை வட்டி கணக்கிடும் பாடமாக நினைக்கலாம். அதில் தாயங்களின் நேர்மாறும் பகுதி வகையீடும் இருந்தன என்பதைப் பாட விபரம் மட்டுமே அவருக்குச் சொல்லும். பட்டம் பெற்றுச் சில வருடங்கள் ஆனபின் பழைய பாடவிதானத்தைத் தேடிப் பெறுவது இலகுவல்ல. எனவே இணையப் பாடத்துக்கு உட்காரும் முன் பீட அலுவலகத்துக்கு ஒரு கடிதம் கொடுத்துவிடுவது நல்லது. பாடம் முடிவதற்குள் ஆவணமும் வந்துசேரும்.

இப்போது உண்மையான இடைவெளி தெரிகிறது. ஆவணத்தில் 6 முதல் 12 ஈ.சி.டி.எஸ். வரை குறைகிறது, அறிவில் அதைவிட அதிகம் குறைகிறது. காரணம், வணிகக் கணிதத்தில் படித்த தாயங்கள் சமன்பாட்டுத் தொகுதியைத் தீர்ப்பதோடு நின்றுவிட்டிருக்கும். தரவு விஞ்ஞான முதுமாணியின் முதற்பருவமோ ஐகன் பெறுமானங்களையும் வீழ்ப்புகளையும் ஏற்கெனவே அறிந்தவராக அவரை எண்ணிக்கொண்டு தொடங்கும்.

அறிவுப் பக்கத்துக்கு மிகவும் பொருத்தமான இலவசப் பாடங்களை எம்.ஐ.டி. தருகிறது. 2001 இல் அறிவிக்கப்பட்ட ஓபன் கோர்ஸ்வெயார் திட்டத்தில் பதிவு செய்யவேண்டியதில்லை, கட்டணமில்லை, காலக்கெடுவில்லை, சான்றிதழும் இல்லை. அதில் பாட இலக்கத்தின் இறுதியில் SC என்ற எழுத்துகளுடன் இருப்பவை தனியாகப் படிப்பவர்களுக்கென ஒழுங்கமைக்கப்பட்டவை. நமக்கு வேண்டியவை மூன்று: ஒருமாறி நுண்கணிதமான 18.01SC, பல்மாறி நுண்கணிதமான 18.02SC, லீனியர் அல்ஜிப்ராவான 18.06SC. நிகழ்தகவுக்கு, பேராசிரியர் ஜோன் சிட்சிக்லிஸ் முதன்மையாக நடத்தும் 6.431x என்ற பாடம் இருக்கிறது. அதன் விரிவுரைகளை ஓபன் கோர்ஸ்வெயாரிலும் RES.6-012 என்ற இலக்கத்தில் காணலாம்.

எங்கிருந்து தொடங்குவது என்பதில்தான் வர்த்தகப் பிரிவினர் தடுமாறுகிறார்கள். 18.01SC ஐத் திறந்தால் முதல் விரிவுரையிலேயே தொடலியின் சரிவு வருகிறது. திரிகோண கணிதச் சார்புகளும் அடுக்குக்குறிச் சார்புகளும் தெரிந்தவையாகக் கொள்ளப்படுகின்றன. சாதாரண தரத்தோடு கணிதத்தை நிறுத்தியவருக்கு அது இரண்டாம் வாரத்தில் எதிர்ப்படும் சுவர். அதற்கு முன் நான்கைந்து வாரங்கள் உயர்தர இணைந்த கணிதத்தின் தொடக்க அலகுகளைப் பார்த்துவிடுவது நன்று. கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்தில் தமிழிலேயே பாடங்கள் உள்ளன; கான் அகடமியின் முன்-நுண்கணிதப் பகுதியில் பயிற்சிகள் ஏராளம். தமிழ் மொழிமூலம் படித்தவர் சார்பு, எல்லை ஆகிய கருத்துகளை முதலில் தமிழில் பிடித்துக்கொண்டு பின்னர் ஆங்கில விரிவுரைக்குப் போவது நேரத்தை வீணாக்குவது ஆகாது என்பது என் கருத்து.

லீனியர் அல்ஜிப்ராவுக்கோ நுண்கணிதத்தை முடித்துக் காத்திருக்க வேண்டியதில்லை. 18.06SC இல் உள்ள கில்பர்ட் ஸ்ட்ராங்கின் விரிவுரைகளில் பெரும்பகுதிக்குச் சாதாரண தர அட்சரகணிதமும் பொறுமையும் போதும். வகையீட்டுச் சமன்பாடுகளும் ஃபோரியர் தொடரும் வரும் இடங்களில் மட்டுமே நுண்கணிதம் தேவைப்படுகிறது. எனவே 18.06SC ஐயும் நுண்கணிதத்தையும் பக்கம் பக்கமாக நடத்தலாம். 18.02SC நான்கு அலகுகளைக் கொண்டது. முதலாவது காவிகளும் தாயங்களும். இரண்டாவது பகுதி வகையீடு. மூன்றாவது தளத்தில் இரட்டைத் தொகையீடும் கோட்டுத் தொகையீடும். நான்காவது முப்பரிமாணத்தில் மும்மடித் தொகையீடும் மேற்பரப்புத் தொகையீடும். தரவு விஞ்ஞானத்துக்குப் போகிறவர் முதலிரண்டையும், மூன்றில் இரட்டைத் தொகையீட்டையும் படித்தால் போதும். இரட்டைத் தொகையீடு இல்லாமல் கூட்டு நிகழ்தகவு அடர்த்தி விளங்காது. ஸ்டோக்ஸ் தேற்றம் இல்லாமல் அவருடைய படிப்பு நின்றுபோகாது. 6.431x இன் பத்து அலகுகளிலும் இப்படியே பொய்சன் செயன்முறையையும் மார்க்கோவ் சங்கிலியையும் பேசும் கடைசி இரண்டைப் பின்னுக்குத் தள்ளலாம்.

நேரக் கணக்கைக் கண்டிப்பாகப் போட வேண்டும். எம்.ஐ.டி.யில் 12 அலகுப் பாடம் என்றால், விரிவுரையும் வீட்டுவேலையும் சேர்த்து 14 வாரங்களுக்கு வாரம் 12 மணித்தியாலம் என்று பொருள். மொத்தம் சுமார் 168 மணித்தியாலம். 18.01உம் 18.06உம் அப்படிப்பட்டவை. இரண்டும் சேர்ந்து 336. பல்மாறி நுண்கணிதத்தின் தேவையான பகுதிக்கு ஒரு 90. நிகழ்தகவுக்கு ஒரு 150. ஆகமொத்தம் 580 மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவு. வேலைநாள் மாலையில் ஒரு மணித்தியாலமும் சனி, ஞாயிறில் ஐந்து மணித்தியாலமும் ஒதுக்கினால் வாரம் 10 மணித்தியாலம் கிடைக்கும். அப்படியானால் ஏறத்தாழ 58 வாரங்கள். வங்கியில் வருட இறுதிக் கணக்கு முடிக்கும் வாரங்களும் சித்திரைப் புத்தாண்டு வாரமும் இதற்குள் சேரவில்லை. ஒக்டோபரில் தொடங்கும் குளிர்காலப் பருவத்துக்கான விண்ணப்பங்கள் பல ஜெர்மன் கற்கைநெறிகளில் மார்ச்சுக்கும் ஜூலைக்கும் இடையில் மூடப்படுவதால், முந்தைய வருடத்தின் தொடக்கத்திலேயே ஆரம்பிக்காதவர் நான்கையும் முடிக்க இயலாது. அவர் இரண்டை மட்டும் தேர்ந்து முழுமையாக முடிப்பது, நான்கையும் பாதியில் விடுவதைவிட விண்ணப்பத்துக்கு உதவும். அந்த இரண்டில் ஒன்று லீனியர் அல்ஜிப்ராவாக இருக்கட்டும். வர்த்தகப் பட்டத்தில் மிக மெலிந்திருக்கும் பகுதி அதுவே.

படித்தோமா, பார்த்தோமா என்பதை அறிவது எப்படி? ஸ்ட்ராங்கின் விரிவுரையைக் கேட்கும்போது எல்லாம் தெளிவாகத்தான் இருக்கும். அவர் நல்ல ஆசிரியர் என்பதற்கு அது சான்று. நமக்குப் பாடம் தெரியும் என்பதற்குச் சான்றல்ல. ஓர் உதாரணத்தைப் பார்க்கலாம். வங்கியில் எக்செல் மூலம் பின்னடைவுக் கோடு வரையாதவர் இல்லை. t என்பது 0, 1, 2 ஆக இருக்கும்போது கிடைத்த பெறுமானங்கள் முறையே 1, 2, 5 என்று கொள்வோம். c + dt என்ற நேர்கோடு இம்மூன்று புள்ளிகளினூடாகவும் போகாது. A என்பது 1களின் நிரலும் t இன் நிரலும் கொண்ட தாயம், x என்பது c, d ஆகியவற்றின் காவி, b என்பது 1, 2, 5 ஆகியவற்றின் காவி என்று கொண்டால், மிகக்குறைந்த வர்க்க முறையில் தீர்க்க வேண்டிய சமன்பாடு இது:

```
AᵀA x = Aᵀb

3c + 3d = 8
3c + 5d = 12
```

இதிலிருந்து d = 2, c = 2/3. இவ்வளவையும் சூத்திரத்தை மனனம் செய்தவர் போட்டுவிடுவார். அடுத்து வரும் கேள்விதான் சோதனை. வழுக்கள் 1/3, −2/3, 1/3 ஆக வருகின்றன. இவற்றின் கூட்டுத்தொகை ஏன் பூச்சியமாகிறது? ஒவ்வொன்றையும் அதற்குரிய t ஆல் பெருக்கிக் கூட்டினாலும் ஏன் பூச்சியமே வருகிறது? வழுக் காவி A இன் நிரல்கள் பரப்பும் தளத்துக்குச் செங்குத்தாக இருக்கிறது. முதல் நிரல் எல்லாம் 1, இரண்டாம் நிரல் t இன் பெறுமானங்கள். ஆகையால் இரண்டு கூட்டுத்தொகைகளும் பூச்சியமாகியே தீர வேண்டும் என்று, தாளில் ஒரு படம் வரைந்து, குறிப்பைப் பாராமல் சொல்ல முடிந்தால் 18.06SC இன் இரண்டாம் அலகு அவருக்குள் இறங்கியிருக்கிறது. முடியாவிட்டால் விரிவுரையை மீண்டும் பார்ப்பதில் பயன் குறைவு. பயிற்சிக் கணக்குகளுக்குத்தான் திரும்ப வேண்டும்.

பாடம் மூன்று அலகுகளாகப் பிரிந்து, ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு பரீட்சையும் இறுதியில் முழுப் பரீட்சையும் விடைகளுடன் தரப்பட்டுள்ளது. அவற்றை நேரம் வைத்து, கைத்தொலைபேசியை அடுத்த அறையில் விட்டு எழுத வேண்டும். அதே பாடத்தின் வேறு வருட வினாத்தாள்களும் ஓபன் கோர்ஸ்வெயாரில் கிடைப்பதால், முன்னர் பாராத தாள் ஒன்றை இறுதிக்கென ஒதுக்கி வைக்கலாம். விடைத்தாள்களைத் திகதியிட்டுப் பாதுகாத்தால் பின்னர் வேறொரு பயனும் உண்டு.

அந்தப் பயன், ஆவணப் பக்கத்தைச் சேர்ந்தது. இலவசமாகப் படித்ததற்கு ஓபன் கோர்ஸ்வெயார் எந்தப் பத்திரமும் தராது. எடெக்ஸ், கோர்செரா போன்ற தளங்களில் இலவசமாகச் சேர்பவர்களுக்கும் சான்றிதழ் இல்லை. புள்ளியிடப்படும் பயிற்சிகள் பல பாடங்களில் கட்டணம் செலுத்தியவர்களுக்கு மட்டுமே திறக்கின்றன. எடெக்ஸில் இலவச அனுமதி ஒரு காலத்துக்குப்பின் முடிந்தும் விடுகிறது. சேரும் நாளிலேயே எந்தெந்தப் பகுதி பூட்டப்பட்டிருக்கிறது என்று பார்க்காதவர்கள், பாதி வழியில் பரீட்சைப் பக்கம் திறக்காதபோதுதான் விடயத்தை அறிகிறார்கள். கோர்செராவில் நிதியுதவிக்கு விண்ணப்பிக்கும் வழி உண்டு. ஒவ்வொரு பாடத்துக்கும் தனித்தனியாக எழுதி, முடிவுக்குக் காத்திருக்க வேண்டும் என்பதால் அதையும் கால அட்டவணையில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கட்டணம் செலுத்தி அடையாளம் உறுதிப்படுத்திய சான்றிதழைப் பெற்றாலும், அதன் எடையை மிகைப்படுத்த வேண்டாம். எந்தப் பரீட்சை, எவ்வளவு கடினம், யார் எழுதியது என்பது அதை வாசிக்கும் குழுவுக்குத் தெரியாது. ஆறு வாரப் பாடங்களுக்கான பன்னிரண்டு சான்றிதழ்களை இணைக்கும் விண்ணப்பதாரரைவிட, ஒரே பாடத்தை அதன் இறுதிப் பரீட்சை வரை கொண்டுபோய் அதை நம்பத்தக்க ஒருவர் முன் நிரூபித்தவரின் விண்ணப்பம் வலுவானது. அந்த நம்பத்தக்கவர் பெரும்பாலும் பழைய விரிவுரையாளராகவே இருப்பார். “சேர், நான் இந்தப் பாடத்தை முடித்திருக்கிறேன், சிபாரிசுக் கடிதத்தில் எழுதுவீர்களா?” என்று கேட்டால், அவருக்கும் எழுத ஒன்றும் இருக்காது, கண்ணால் காணாததை எழுதுபவர் நல்ல சிபாரிசாளரும் அல்ல. மாறாக விடைத்தாள்களைக் கொண்டுபோய், ஒரு மணித்தியாலம் ஒதுக்கித் தன்னைக் கேள்வி கேட்கும்படி வேண்டலாம். அல்லது மத்திய வங்கி வெளியிடும் தரவுகளில் ஒன்றை எடுத்து, கற்ற முறையைக் கொண்டு பத்துப் பக்கச் சிறு ஆய்வொன்றைச் செய்து அவர் மதிப்பிடக் கொடுக்கலாம். அப்போது அவர் “வகுப்பில் நல்ல மாணவர்” என்று எழுதுவதோடு நிற்க வேண்டியதில்லை. இந்த மாணவருக்குப் பட்டப்படிப்பில் லீனியர் அல்ஜிப்ரா இருக்கவில்லை, பின்னர் தாமாகக் கற்றார், நானே பரிசோதித்தேன், இந்த மட்டத்தில் இருக்கிறார் என்று அவரால் எழுத முடியும். இத்தகைய நான்கு வரிகள் தளங்கள் தரும் பத்திரங்களைவிடக் கனமானவை.

பட்டப்பின் படிப்பு அனுமதிக்காக எழுதப்படும் ஜி.ஆர்.ஈ. பரீட்சையில் கணிதப் பகுதிக்கு உயர்ந்த புள்ளி எடுத்தால் இடைவெளி மூடாதா என்று சிலர் கேட்பதுண்டு. மூடாது. பொதுப் பரீட்சையின் அளவைசார் பகுதி பாடசாலைக் கணிதத்தைத் தாண்டுவதில்லை. வகையீடே அதில் வராது. கணிதத்துக்கான தனிப் பாடப் பரீட்சையில் பாதி நுண்கணிதம், கால்வாசி அட்சரகணிதம், மீதி பகுப்பாய்வு, இடவியல் உள்ளிட்ட பிற துறைகள். அது கணிதப் பட்டதாரிகளோடு போட்டியிடும் களம். வர்த்தகப் பட்டதாரி அதில் இறங்குவது தேவையற்ற துணிச்சல்.

விண்ணப்பப் படிவத்தில் இதை எங்கே எழுதுவது என்பதிலும் கவனம் வேண்டும். சுயவிபரக் கோவையில் கல்வி என்ற தலைப்பின்கீழ் எம்.ஐ.டி. என்று எழுதுவது, வேண்டுமென்றே செய்யாவிட்டாலும், ஏமாற்றாகவே வாசிக்கப்படும். சுயகற்கை என்று தனித் தலைப்பிட்டு, பாட இலக்கம், பயன்படுத்திய பாடநூல், முடித்த அலகுகள், எழுதிய பரீட்சை, செலவிட்ட மணித்தியாலம் ஆகியவற்றை ஒரு பக்க அட்டவணையாகத் தருவதே முறை. 18.02 இல் எந்த அலகைப் படிக்கவில்லை என்பதையும் அதில் குறிப்பிட வேண்டும். சில பொருளியல் கற்கைநெறிகள் கணிதப் பாடங்களையும் அவற்றின் நூல்களையும் பட்டியலிடும்படி தாமே கேட்கின்றன. இந்த அட்டவணை அங்கே நேரடியாகப் பொருந்தும். நோக்கக் கூற்றில் இரண்டு வாக்கியங்களுக்கு மேல் இதற்கு இடம் தேவையில்லை.

இத்தனைக்கும் பிறகு ஆவணத்தில் குறைந்த அந்த 6 அல்லது 12 ஈ.சி.டி.எஸ். அப்படியேதான் இருக்கிறது. எண்ணிக்கையால் வரையறுக்கும் கற்கைநெறிக்கு இனி மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, கிரெடிட் தரும் நிறுவனத்தில் குறைந்த பாடத்தை மட்டும் கட்டணம் செலுத்திப் படிப்பது. நாவலையில் உள்ள இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்தின் இயற்கை விஞ்ஞான பீடத்தில் கணிதப் பாடமொன்றைத் தனியாகப் பதிவு செய்யும் வாய்ப்பு அந்த வருடத்தில் உண்டா, பரீட்சை எழுதியபின் பெறுபேற்றுப் பத்திரம் எப்போது கைக்கு வரும் என்று முதலில் விசாரிக்க வேண்டும். ஏற்கெனவே இணையத்தில் படித்து முடித்தவருக்கு அங்கே பரீட்சை சுமையாக இராது. இரண்டாவது, இணையப் பாடத்தையே அனுமதி வழியாக வைத்திருக்கும் கற்கைநெறிகளைத் தேடுவது. எம்.ஐ.டி.யின் தரவு, பொருளியல், கொள்கை வடிவமைப்பு முதுமாணிக்கு, அதற்கெனவுள்ள மைக்ரோமாஸ்டர்ஸ் இணையப் பாடங்களை முடித்தவர்களே விண்ணப்பிக்கிறார்கள். பாடங்களை இலவசமாகப் பார்க்கலாம், சான்றிதழுக்கான பரீட்சைக் கட்டணம் வருமானத்துக்கேற்பக் குறைகிறது. கொலராடோ போல்டர் பல்கலைக்கழகத்தின் இணைய வழித் தரவு விஞ்ஞான முதுமாணி, முந்தைய பெறுபேற்றுப் பத்திரத்தைக் கேளாமல், குறிப்பிட்ட நுழைவுப் பாடங்களில் பி தரம் எடுப்பதையே நிபந்தனையாகக் கொள்கிறது. ஆனால் அந்தப் பாடங்களைக் கிரெடிட்டுக்காகக் கட்டணம் செலுத்தியே எடுக்க வேண்டும்.

மூன்றாவது வழி நிபந்தனையுடனான அனுமதி. பல ஜெர்மன் பல்கலைக்கழகங்கள், குறை பெரிதாக இல்லாவிட்டால், விடுபட்ட பாடங்களை அங்கே வந்தபின் குறித்த காலத்துக்குள் இளமாணி மாணவர்களோடு இருந்து சித்தியடைய வேண்டும் என்ற நிபந்தனையில் இடம் தருகின்றன. இதற்கு வழியிருக்கிறதா என்பதை விண்ணப்ப முடிவுத் திகதிக்கு இரண்டு மூன்று மாதங்கள் முன்னரே கற்கைநெறி ஒருங்கிணைப்பாளருக்கு மின்னஞ்சல் எழுதிக் கேட்கலாம். “எனக்குத் தகுதி உண்டா?” என்ற பொதுவான கேள்விக்கு இணையத்தளத்தைப் பாருங்கள் என்ற பதிலே வரும். மாறாக “உங்கள் நிபந்தனை 30. கற்றல் மணித்தியால அடிப்படையில் என்னிடம் 18 அல்லது 24 இருப்பதாகக் கணிக்கிறேன், பாட விபரம் இணைப்பில் உள்ளது. எஞ்சியதை நிபந்தனைப் பாடமாக எடுக்க அனுமதிப்பீர்களா, திறந்த பல்கலைக்கழகப் பாடத்தை ஏற்பீர்களா?” என்று கேட்டால், ஆம் அல்லது இல்லை என்று பதில் சொல்ல அவருக்கு இடமிருக்கும். இல்லை என்று வந்தாலும் விண்ணப்பச் செலவும் மாதக்கணக்கான காத்திருப்பும் மிச்சமாகும்.

நிபந்தனையுடன் இடம் கிடைத்தவருக்கு இலவசப் பாடத்தின் பயன் வேறு இடத்தில் வெளிப்படும். முதற்பருவத்தில் முதுமாணிப் பாடங்களோடு இளமாணிப் பாடம் ஒன்றும் சேரும்போது, லீனியர் அல்ஜிப்ராவை அங்கேதான் முதன்முதலாகப் பார்ப்பவர் ஏதாவது ஒன்றில் சறுக்க வாய்ப்பு அதிகம். சறுக்கினால் படிப்பு ஒரு பருவம் நீளும். ஜெர்மன் மாணவர் வீசாவுக்கு முடக்கிய கணக்கில், அதாவது மாதந்தோறும் ஒரு பகுதியை மட்டுமே எடுக்கக்கூடிய வங்கிக் கணக்கில், காட்டவேண்டிய தொகை 2024 செப்டெம்பர் முதல் மாதத்துக்கு 992 யூரோ. அந்த அளவுகோலால் பார்த்தால் ஒரு பருவம் நீள்வது ஏறத்தாழ 6000 யூரோ வாழ்க்கைச் செலவு. நிபந்தனைப் பாடம் எந்த மொழியில் நடக்கிறது என்பதையும் அதே மின்னஞ்சலில் கேட்டுவிட வேண்டும். முதுமாணி ஆங்கிலத்தில் இருந்தாலும் இளமாணிக் கணிதம் அங்கே பெரும்பாலும் ஜெர்மன் மொழியில்தான் நடக்கிறது. குறியீடுகளை ஏற்கெனவே அறிந்தவர் அந்த வகுப்பில் சமன்பாடுகளைப் பற்றிக்கொண்டு நகர்ந்துவிடலாம். பாடமும் மொழியும் இரண்டும் புதிதாக இருப்பவருக்கு அது இயலாது.